ஒரே காற்று, ஒரே சூரியன்: மணல்மேட்டுப் படத்துக்கு ப்ராம்ப்ட் எழுதுவது

செயற்கை நுண்ணறிவில் படம் போடுகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே போட்டுப் பார்க்கிற படம் ஒன்று உண்டு. பாலைவனம், மாலை வெயில், மணலில் வரிவரியாகக் காற்றின் கோடுகள், நீண்ட நிழல்கள், தூரத்தில் புள்ளியாக ஒரு மனிதன். நாலு வார்த்தை தட்டினால் போதும், படம் வந்துவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சூரியன் எதிரே அடிவானத்தில் இருக்கும், மனிதனின் நிழலோ பக்கவாட்டில் போகும். முன்னால் இருக்கிற மணல் வரிகள் ஒரு காற்றைச் சொல்லும், பின்னால் இருக்கிற மேடு வேறொரு காற்றைச் சொல்லும். வரிகளின் அளவை மனிதனோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு வரியும் அவன் இடுப்பு உயரத்துக்கு நிற்கும்.

நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவன். கள்ளிக்குப்பத்தில் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். சில மாதங்களுக்கு முன் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தான் எழுதிய ராஜஸ்தான் பயண நூலுக்கு அட்டை கேட்டு வந்தார். ஜெய்சல்மேருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டர் போல இருக்கிற சாம் மணல்மேடுகளில் டிசம்பர் மாதத்து மாலை ஒன்றில் நின்றிருக்கிறார். அந்த இடம்தான் அட்டையில் வேண்டும் என்றார். இணையத்தில் கிடைத்த, இயந்திரம் போட்ட படங்கள் சிலவற்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் நின்ன எடம் இது இல்ல" என்றார். எது இல்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு படத்தை வைத்தே இந்தப் பதிவு. மணல்மேட்டுப் படத்தில் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: காற்று எங்கிருந்து வருகிறது, வெயில் எங்கிருந்து வருகிறது, மனிதன் எவ்வளவு பெரியவன். இந்த மூன்றையும் ப்ராம்ப்ட் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இயந்திரத்துக்கு இதில் எதுவும் தெரியாது. லட்சக்கணக்கான படங்களில் எது எதன் பக்கத்தில் வந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

முதலில் மேட்டின் வடிவம். மணல்மேட்டுக்கு இரண்டு பக்கங்களும் ஒன்றுபோல இருக்காது. காற்று மோதுகிற பக்கம் சாய்வாக, மெதுவாக ஏறும். பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து டிகிரிக்குள். மணல் துகள்கள் அந்தச் சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, காற்று மறைந்த பக்கத்தில் போய் விழும். அங்கே குவிந்து குவிந்து, தாங்க முடியாமல் சரியும். அதனால் அந்தப் பக்கம் எப்போதும் சரியும் கோணத்திலேயே நிற்கும். காய்ந்த மணலுக்கு அது சுமார் 32 முதல் 34 டிகிரி. சஹாராவானாலும் தார் ஆனாலும் இந்தக் கோணம் பெரிதாக மாறாது.

இதைப் பார்க்க ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. எங்கள் தெருவில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். வாசலில் எம்-சாண்ட் கொட்டி வைத்திருக்கிறது. வெயிலில் காய்ந்த பிறகு அந்தக் குவியலின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சரிவு ஏறக்குறைய ஒரே கோணத்தில் நிற்கும். மேலே இன்னும் ஒரு சட்டி போட்டால் உச்சி கூர்மையாகாது, மணல் நாக்கு நாக்காக வழிந்து அடியில் அகலும். "காஞ்ச மணல் இதுக்கு மேல நிக்காது சார், தண்ணி அடிச்சாத்தான் நிக்கும்" என்றார் மேஸ்திரி. எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது, துகளுக்கு விளிம்பு உண்டு, அதனால் உருண்டையான பாலைவன மணலைவிடக் கொஞ்சம் செங்குத்தாகவே நிற்கும். ஆனாலும் விஷயம் அதேதான். இயந்திரம் போடுகிற படங்களில் அறுபது எழுபது டிகிரிக்கு நிமிர்ந்து நிற்கும் கத்தி முகடுகளைப் பார்க்கும்போது எனக்கு மேஸ்திரிதான் ஞாபகம் வருவார். அது ஈர மணல், பாலைவனம் இல்லை.

இன்னொன்று. அந்தச் செங்குத்துப் பக்கத்தில் மணல் வரிகள் இருக்கக் கூடாது. அங்கே காற்று துகள்களை ஓட்டுவதில்லை, மணல் சரிந்து வழவழப்பாகத்தான் கிடக்கும். அதிகம் போனால் சரிவு வழிந்த நாக்குத் தடங்கள் தெரியலாம். வரிகள் காற்று தடவுகிற பக்கத்துக்கும் கீழே கிடக்கும் சமதளத்துக்கும் உரியவை.

அந்த வரிகள் எப்படி வருகின்றன என்பதை முறையாக ஆராய்ந்தவர் ரால்ஃப் பேக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். எகிப்து, லிபியா பாலைவனங்களில் கார் ஓட்டி அலைந்தவர். பிறகு லண்டனில் காற்றுச் சுரங்கம் அமைத்து மணலை ஓட்டிப் பார்த்தார். 1941-இல் வந்த அவருடைய புத்தகத்தை இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். துகள் காற்றில் எழும்பி, வளைந்து பறந்து, தாழ்வான கோணத்தில் மணலில் வந்து மோதுகிறது. மோதுகிற வேகத்தில் தரையில் இருக்கிற துகள்களைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறது. தரையில் சின்ன மேடு இருந்தால் அதன் முன்பக்கம் நிறைய அடி வாங்கும், பின்பக்கம் மறைவில் தப்பித்துவிடும். இந்த வித்தியாசம் பெருகிப் பெருகித்தான் வரிசையான வரிகள் ஆகின்றன.

படம் போடுகிறவனுக்கு இதிலிருந்து கிடைப்பது இரண்டு. ஒன்று, வரிகள் காற்றுக்குக் குறுக்காகத்தான் ஓடும். இரண்டு, அவற்றின் அளவு மேட்டின் அளவைப் பொறுத்தது அல்ல. சாதாரண மணலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஒரு சாண் கூட இருக்காது. பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் ஒரு சென்டிமீட்டரைத் தொட்டாலே அதிகம். பத்தடி மேட்டிலும் அதே வரிதான், நூறடி மேட்டிலும் அதே வரிதான். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் படத்தில் அளவு தப்பியிருப்பதை உடனே பிடித்துவிடலாம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மேட்டுக்கும் வரிக்கும் வயது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டைச் செய்வது பருவம் முழுக்க அடிக்கிற காற்று. தாரில் அது கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அதனால் பொதுவாகச் செங்குத்துச் சரிவு வடகிழக்கைப் பார்த்திருக்கும். வரிகளைச் செய்வது இன்று மதியம் அடித்த காற்று. காற்று திசை மாறினால் மேடு அப்படியே இருக்கும், வரிகள் கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிடும். ஆகவே இரண்டும் கோணம் மாறியிருந்தால் அதுவே தப்பாகிவிடாது. ஒரே சரிவில், பக்கத்துப் பக்கத்தில், வரிகள் காரணமில்லாமல் இரண்டு திசையில் வெட்டிக்கொண்டால்தான் தப்பு.

இனி வெயில். ஒரு சென்டிமீட்டர் உயர வரி கண்ணுக்குத் தெரிவதே தாழ்ந்த வெயிலால்தான். உச்சி வெயிலில் சாமில் நின்றால் மணல் தட்டையாக, வெளிறிப் போய்க் கிடக்கும். சூரியன் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும்போதுதான் ஒவ்வொரு வரியின் மறுபக்கமும் நிழலாகி, கோடு கோடாக எழும்பி வரும். அதிலும் வெயில் வரிகளுக்குக் குறுக்கே அடிக்க வேண்டும். வரி ஓடுகிற திசையிலேயே வெயிலும் ஓடினால் நிழல் விழ இடமில்லை, வரிகள் மங்கிவிடும். வரிகள் காற்றுக்குக் குறுக்கு, வெயிலும் வரிகளுக்குக் குறுக்காக வேண்டும் என்றால், கணக்கு எளிது: காற்றும் வெயிலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

பெரியவர் நின்ற இடத்திலும் மாதத்திலும் இது தானாகவே அமைகிறது. டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேரில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. மேற்கிலிருந்து இருபத்தாறு டிகிரி போலத் தெற்கே தள்ளி மறைகிறது. மேடுகளின் மென்சரிவு தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. ஆகவே மாலை வெயில் ஏறக்குறைய மென்சரிவின் மீது நேராக விழுகிறது, மறுபக்கத்துச் செங்குத்துச் சரிவு முழுக்க நிழலுக்குள் போய்விடுகிறது. முகட்டின் கோடு ஒன்றுதான் எல்லை: ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் நீலம். நீலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நேர் வெயில் படாத இடத்துக்கு ஒளி வானத்திலிருந்துதான் வருகிறது, வானம் நீலம். நிழலையும் ஆரஞ்சாகப் போடுகிற படங்களில் ஏதோ வெந்துபோன வாடை இருப்பது இதனால்தான்.

இது தெரிந்ததும் காமிராவை எங்கே வைப்பது என்பதும் முடிவாகிவிட்டது. வடக்கு வடமேற்கைப் பார்த்து நின்றால் சூரியன் இடது கைப்பக்கம், சட்டத்துக்கு வெளியே. முகட்டின் கோடு நம் காலடியிலிருந்து தூரத்துக்கு வளைந்து ஓடும். இடப்பக்கச் சரிவு வெளிச்சம், வலப்பக்கச் சரிவு இருட்டு. மணல் வரிகளும் நம் காலடியிலிருந்து தூரம் நோக்கி ஓடும், இடமிருந்து வரும் வெயிலில் நன்றாக எழும்பும். சூரிய வட்டத்தைப் படத்துக்குள் வைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கும் இதுதான் காரணம். சூரியன் எதிரே இருந்தால் நிழல்கள் எல்லாம் நம்மை நோக்கிச் சுருங்கி வரும், நீண்ட நிழலின் நீளம் தெரியாது. மேலும் அந்தத் தட்டு படத்தில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் கரிய உருவமாகிவிடும்.

நிழலின் நீளத்தைப் பற்றி ஊகிக்காமல் அளந்து பார்ப்பது நல்லது. எங்கள் மொட்டை மாடியில் ஆவடிப் பக்கமாகச் சூரியன் இறங்கும்போது, ஒரு தீக்குச்சியைக் களிமண் உருண்டையில் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். தெரிகிற குச்சி நான்கு சென்டிமீட்டர் என்றால், சூரியன் பத்து டிகிரியில் இருக்கும்போது நிழல் இருபத்து மூன்று சென்டிமீட்டர் வரும். ஐந்து டிகிரிக்கு வந்ததும் நாற்பத்தாறு. அதற்கப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடும். ஐந்து டிகிரியிலிருந்து அடிவானம் தொட இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். இதையே மனிதனுக்குப் போட்டால், ஐந்தரை அடி ஆளுக்கு ஐந்து டிகிரி வெயிலில் பத்தொன்பது மீட்டர் நிழல். ஆளைப் போல பதினோரு மடங்குக்கும் மேல்.

ஆனால் இது சமதளத்துக்கு. மாடியில் ஒரு பலகையை வெயிலைப் பார்த்தாற்போல பத்து டிகிரி சாய்த்து, அதே குச்சியை அதன் மேல் வைத்தால் நிழல் சட்டென்று சுருங்கிவிடும். நிழல் மேடேறிப் போகிறது, தரை எழும்பி வந்து அதைச் சீக்கிரமே பிடித்துவிடுகிறது. கணக்குப்படி ஐந்து டிகிரி வெயிலில் நான்கு மடங்கு கூட வராது. எல்லோரும் பயணியை மணல்மேட்டின் மென்சரிவில் ஏற்றிவிட்டு நீண்ட நிழலையும் கேட்கிறார்கள். அங்கே அது வராது. சரி, முகட்டில் நிறுத்தலாமே என்றால், நிழல் முகட்டைத் தாண்டி மறுபக்கம் விழும். மறுபக்கம் ஏற்கெனவே இருட்டு. இருட்டுக்குள் நிழல் எப்படித் தெரியும்? முகட்டில் ஆள், அவன் நிழல் செங்குத்துச் சரிவில் அழகாக நீண்டு விழுகிறது என்று இயந்திரம் போடுகிற படம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தாழ்ந்த வெயிலில் அது நடக்காத காரியம்.

நீண்ட நிழலுக்கு ஆளை நிறுத்த வேண்டிய இடம் சமதளம்: மென்சரிவின் அடிவாரம், மேற்கே வேறு மேடு மறைக்காத இடம். மறைக்காத இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேற்கே பதினைந்து மீட்டர் மேடு ஒன்று இருந்தால் அதன் நிழலே நூற்றெழுபது மீட்டருக்கு வந்துவிடும், ஆள் அதற்குள் மூழ்கிவிடுவான். ஆகவே என் பயணிக்கு இடம் கிடைத்தது: படத்தின் கீழ்ப்பாதியில், இடது ஓரத்தில், தட்டையான மணலில். அவன் நிழல் வலப்பக்கமாக ஓடி, சரிவு தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி முடியும்.

இப்போது அளவு. இந்த இடத்தில்தான் பெரும்பாலான படங்கள் சறுக்குகின்றன. நான் பயன்படுத்தியது எஸ்.டி.எக்ஸ்.எல், ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்தில் 2023-இல் வந்தது. அட்டை நெடுக்குவாட்டில் வேண்டும் என்பதால் படம் 832 பிக்சல் அகலம், 1216 பிக்சல் உயரம். பயணி 24 பிக்சல் உயரம் என்று வைத்தேன். படத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அட்டையில் அச்சானால் நான்கு மில்லிமீட்டர். மேட்டின் பெருமை தெரிய இது போதும்.

ஆள் 24 பிக்சல் என்றால், அவன் நிற்கிற தூரத்தில் ஒரு பிக்சலுக்கு ஏழு சென்டிமீட்டர் ஆகிறது. மணல் வரியின் இடைவெளி பத்து சென்டிமீட்டர். அதாவது அவன் காலடியில் ஒரு வரிக்கு ஒன்றரை பிக்சல்தான் கிடைக்கிறது. அங்கே வரிகள் தெரியவே கூடாது! மெல்லிய சொரசொரப்பு மாதிரி ஏதோ இருக்கலாம், அவ்வளவுதான். காமிராவின் காலடியில், மூன்று மீட்டர் தூரத்தில், அதே வரிகள் நாற்பது பிக்சல் இடைவெளியில் தெளிவாக நிற்கும். தூரம் போகப் போக நெருங்கி, ஆளை எட்டும் முன்பே கரைந்துவிடும். வரிகள் முன்னால் கரைவதும் ஆள் பின்னால் சிறுத்திருப்பதும் சேர்ந்துதான் இது பெரிய இடம் என்ற உணர்வைத் தருகிறது. ஆள் மட்டும் சிறியதாக இருந்து, அவனைச் சுற்றிலும் வரிகள் பளிச்சென்று தெரிந்தால், நம் கண் அவனைப் பொம்மை என்றே எடுத்துக்கொள்ளும். ஏன் என்று சொல்லத் தெரியாது, ஆனால் நம்பாது. பெரியவருக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ப்ராம்ப்டுக்கு வருவோம். இந்த வகை மாதிரிகளுக்கு வார்த்தைகளைப் படித்துக் கொடுப்பது கிளிப் என்ற பகுதி. ஒரு தடவைக்கு 75 டோக்கன் வரைதான் அது உள்வாங்கும். ஒரு டோக்கன் என்பது ஏறக்குறைய ஒரு சின்ன ஆங்கில வார்த்தை, காற்புள்ளியும் ஒன்று. அதற்குக் கோணம் தெரியாது. ஐந்து டிகிரி என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்று. அதனால் போட்ட கணக்கையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விளைவாக மாற்றி எழுத வேண்டும். கடைசியில் எனக்கு நின்ற வாசகம் இது:

```
pale sand dunes, Thar desert, winter sunset,
low sun from left out of frame,
curving crest line, left slope gold,
steep smooth right slope in blue shadow,
fine ripples in foreground fading with distance,
one tiny far walker with stick on flat sand,
long thin shadow pointing right,
sparse shrubs, dusty horizon
```

வேண்டாதவற்றை இதற்குள்ளேயே "வேண்டாம்" என்று எழுதினால் பலன் தலைகீழாகும். ஒட்டகம் வேண்டாம் என்று எழுதினால் ஒட்டகம் வந்து நிற்கும், ஏனென்றால் அந்த வார்த்தை உள்ளே போய்விட்டது. அதற்கென்று தனியாக இருக்கிற நெகடிவ் ப்ராம்ப்ட் பெட்டியில்தான் போட வேண்டும்:

```
sun disc, camel, hooded robe, red sand, mountains, giant ripples
```

இதில் சில வார்த்தைகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வெறுமனே பாலைவனம் என்று கேட்டால் வருவது பெரும்பாலும் நமீபியாவின் செம்மேடுகள், அல்லது சஹாராவும் முக்காடு போட்ட அங்கிக்காரரும். தார் அப்படி இல்லை. மணல் வெளிர் மஞ்சள். மேடுகளுக்கு நடுவே புதர், புல், நம்மூர் காலி மனைகளில் வளர்கிற எருக்கின் உறவுச் செடி. காற்றில் எப்போதும் கொஞ்சம் புழுதி, அதனால் அடிவானம் கூர்மையாக வெட்டாமல் மங்கி இருக்கும். புதரைச் சேர்த்துப் போட்ட படத்தைக் காட்டியபோதுதான் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாம் தம்பி, இந்தச் செடி இருந்துச்சு. கால்ல குத்துச்சு" என்றார்.

சிவப்பு மணல்தான் வேண்டும் என்றால் நமீபியா வரை போக வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு இருக்கிறது. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று காற்று சேர்த்த செம்மணல் மேடுகள். துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாக ஏறியதால் வந்த நிறம். அங்கே படம் என்றால் பனைமரமும் முந்திரியும் இல்லாமல் முடியாது. ஒரு நாள் அதற்கென்று தனியாக எழுத ஆசை.

மறுபடி படத்துக்கு. பொத்தானை அழுத்தினால் சரியானது உடனே வந்து விழாது. நாலு நாலாகப் போட்டு, மேட்டின் வடிவமும் வெளிச்சமும் சரியாக இருப்பதை மட்டும் எடுத்து வைப்பேன். இந்தக் கட்டத்தில் ஆளைப் பார்ப்பதே இல்லை. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் கூடத் தூக்கிப் போட வேண்டியதில்லை, இடவலமாகத் திருப்பினால் சரியாகிவிடும். இடது வலது என்பதை இந்த மாதிரிகள் அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை. ஆனால் ஒரே படத்துக்குள் ஒரு மேடு இடதுபுறம் இருட்டு, இன்னொன்று வலதுபுறம் இருட்டு என்றால் அதைக் காப்பாற்ற வழியில்லை. அதைப் பார்க்கிற முறை எளிது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்ச வேறுபாட்டை முரட்டுத்தனமாக ஏற்றிவிடுங்கள். நிறத்தின் கவர்ச்சி போய்விடும், நிழல் மட்டும் நிற்கும். எல்லா மேடும் ஒரே பக்கம் கறுத்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புதர்களின் நிழலும் அதே பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மேடு சரியாக வந்து புதர்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆள் எப்படியும் சரியாக வர மாட்டான். அதற்கு உறுதியான காரணம் உண்டு. இந்த மாதிரிகள் படத்தை நேராகப் பிக்சலில் வரைவதில்லை. எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு கட்டத்தில் வரைந்து, கடைசியில்தான் விரிக்கின்றன. நம் 24 பிக்சல் ஆளுக்கு அந்தக் கட்டத்தில் கிடைப்பது மூன்றே மூன்று அறை உயரம். தலை, உடல், கால், கைத்தடி எல்லாவற்றையும் மூன்று அறைக்குள் எழுத முடியுமா? அதனால்தான் தூரத்து மனிதர்களுக்கு மூன்று கால் முளைக்கிறது, தடி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. ப்ராம்ப்டில் எவ்வளவு கெஞ்சினாலும் இது மாறாது. சிலர் இதற்குப் பயந்து ஆளைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், அதோடு மேடும் சுருங்கிவிடுகிறது.

வழி இன்பெயின்டிங். ஆளைச் சுற்றி இருநூறு பிக்சல் சதுரத்தை மட்டும் மறைத்துக் காட்டி, அந்தத் துண்டைப் பெரிதாக்கி வரையச் சொல்ல வேண்டும். நான் பயன்படுத்தும் திரையில் `Inpaint area` என்ற இடத்தில் `Only masked` என்று தேர்ந்தெடுத்தால், அந்தத் துண்டை ஐந்து மடங்கு பெரிதாக வரைந்து, பிறகு சுருக்கி அதே இடத்தில் பொருத்திவிடும். மூன்று அறை இருந்த ஆளுக்கு இப்போது பதினைந்து அறை. கால் இரண்டும் பிரிந்து நிற்கும், தடி தனியாகத் தெரியும். `Denoising strength` பாதி அளவுக்கு, 0.5 பக்கம் வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் ஏற்றினால் அந்தச் சதுரத்துக்குள் புதிதாக ஒரு குட்டிப் பாலைவனமே முளைக்கும், அதில் மணல் வரிகளும் ஆளின் முழங்காலுக்கு வந்துவிடும். இந்தத் துண்டுக்கான ப்ராம்ப்டில் வரிகள் என்ற வார்த்தையையே எடுத்துவிடுங்கள். நடக்கிற மனிதன், கைத்தடி, வழவழப்பான மணல், இடப்பக்க வெளிச்சம், இது போதும்.

நிழலை நான் இயந்திரத்திடம் விடுவதில்லை, கிம்ப்பில் கையால் போடுகிறேன். 24 பிக்சல் ஆளுக்குப் பதினோரு மடங்கு என்றால் 270 பிக்சல் சொச்சம், படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. காலடியில் தொடங்கி வலப்பக்கமாக மெல்லிய பட்டை. நிறம் கறுப்பு இல்லை, மேட்டின் இருட்டுப் பக்கத்திலிருந்து எடுத்த அதே நீலச் சாம்பல். சரிவு தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மடிப்பு கொடுக்க வேண்டும், நிழல் தரையைத் தழுவித்தான் போகும்.

இதில் கடைசி நுணுக்கம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சூரியன் புள்ளி இல்லை, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் எந்த நிழலுக்கும் ஓரத்தில் ஒரு மங்கல் இருக்கும், தூரம் போகப் போக அது அகலும். பத்தொன்பது மீட்டர் தள்ளி விழுகிற நிழலுக்கு அந்த மங்கலின் அகலம் பதினேழு சென்டிமீட்டர் போல ஆகிறது. மனிதத் தலையின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, கால் பக்கம் நிழல் கூர்மை, இடுப்புப் பக்கம் கொஞ்சம் மங்கல், தலை ஏறக்குறைய கரைந்தே போயிருக்கும். மாடியில் உங்கள் நிழலையே சூரியன் மறையும் நேரத்தில் தரையில் பார்த்திருப்பீர்கள், செருப்பு தெளிவாக இருக்கும், தலைமுடி இருக்காது. கிம்ப்பில் பட்டையின் வலக்கோடியை மட்டும் மென்மையாக்கி, கொஞ்சம் ஒளி ஊடுருவ விட்டால் வேலை முடிந்தது. தலை வரை கத்தரித்து ஒட்டியது போல நிழல் நின்றால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆள் மணலில் நிற்க மாட்டான், மேலே மிதப்பான்.

காலடித் தடத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆள் எங்கிருந்தோ நடந்து வந்திருக்கிறான். அவன் நிற்கிற தூரத்தில் ஒரு பாதச் சுவடு நான்கு பிக்சலுக்கு மேல் வராது, ஆனால் தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு குழியும் நிழல் பிடிக்கும் என்பதால் புள்ளிக்கோடாகத் தெரியும். சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து அவன் வரை ஒரே ஒரு கோடு வைத்தேன். அவனுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, இனிமேல்தான் நடக்கப் போகிறான்.

பெரியவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். "சார், உள் பக்கத்துல இது கணினியில உருவாக்குன படம்னு ஒரு வரி போடணும். உங்க புத்தகம் நீங்க நேர்ல பார்த்ததைச் சொல்றது. அட்டையில இருக்கறது போட்டோன்னு யாரும் நம்பிடக் கூடாது." அவர் யோசிக்கவே இல்லை. "போட்டுரு தம்பி. கூடவே நான் எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு, ஆடிப்போய் மங்கலா இருக்கும், அதையும் உள்ள ஒரு பக்கத்துல வெச்சிரு" என்றார். இரண்டும் அச்சுக்குப் போயிருக்கின்றன.